சிறு நிறுவனத்தில் சேருமுன் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவைச் சரிபார்ப்பது எப்படி?

"சின்ன கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு என்கிறார்கள். உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?"

பி.எஃப். ஓய்வுக்கால சேமிப்பு, இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு. பொதுவாக 20 பேர் இருந்தால் முதலாவதும், 10 பேர் இருந்தால் இரண்டாவதும் கட்டாயம். அதற்கும் சிறிய இடம் பதிவு செய்யாதிருப்பது குற்றமல்ல.

epfindia.gov.in தளத்தில் Establishment Search பகுதியில் நிறுவனத்தின் பெயரையோ பி.எஃப். பதிவு எண்ணையோ இட்டுத் தேடுங்கள். கடைப்பெயரும் பதிவுப்பெயரும் வேறாக இருக்கலாம், எண்ணையே கேட்டு வாங்குவது நல்லது. பெயர் வந்ததும் நின்றுவிடாமல் View Payment Details பாருங்கள். பஸ்ஸுக்கு பெர்மிட் இருப்பது வேறு, தினமும் ஓடுவது வேறு அல்லவா? ஒவ்வொரு மாதத் தொகையும் அடுத்த மாதம் 15-க்குள் கட்டப்பட வேண்டும். அங்கே 25 பேர் வேலை பார்க்க, பட்டியலில் 6 பேருக்கு மட்டும் பணம் போயிருந்தால், மீதிப் பேரைக் கணக்கில் காட்டவில்லை என்று சந்தேகிக்கலாம். நேரடியாகக் கேளுங்கள்.

இ.எஸ்.ஐ.க்கு நிறுவனத்தின் 17 இலக்க எண்ணைக் கேளுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால்தான் பொதுவாக இது பொருந்தும்.

சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்தம் இருந்தாலே பணம் கட்டியாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். சேர்ந்தபின் உங்கள் பி.எஃப். பாஸ்புக்கில் வரவு வைக்கப்பட்டால்தான் அது கட்டிய பணம்.