ரோகிணி முடிந்துவிட்டால் பால் காய்ச்சக் கூடாதா?

அன்புள்ள ஐயா,

பாபநாசம் பக்கம் சின்னதாக ஒரு வீடு கட்டியிருக்கிறோம். தை நடுவில் ஒரு வியாழக்கிழமை, ரோகிணி, ஏகாதசி, காலை 7.45க்கு மேல் 8.45க்குள் என்று எங்கள் வாத்தியார் வாக்கியப் பஞ்சாங்கம் பார்த்துக் குறித்துக் கொடுத்தார். பெங்களூரில் இருக்கும் என் மைத்துனர் செல்போனில் திருக்கணிதம் பார்த்துவிட்டு, அன்று 8.05க்கே ரோகிணி முடிகிறது, தேதியை மாற்றுங்கள் என்கிறார். என் தாய்மாமா, தை 12 வாஸ்து நாளை விட்டுவிட்டு வேறு நாளில் வைத்தால் வரமாட்டேன் என்கிறார். என் மனைவி யாரிடமும் பேசுவதில்லை. என்ன செய்யட்டும்?

— ஒரு வாசகர், பாபநாசம்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் மைத்துனர். அவர் தப்பாகச் சொல்லவில்லை, வாத்தியாரும் தப்பாகச் சொல்லவில்லை. வாக்கியப் பஞ்சாங்கம் சந்திரன் இருக்கும் இடத்தை வழிவழியாக வந்த 248 வாக்கியங்களைக் கொண்டு கணக்கிடுகிறது. திருக்கணிதம் இன்றைய வானியல் திருத்தங்களோடு கணக்கிடுகிறது. அதனால் திதியும் நட்சத்திரமும் முடியும் நேரம் சில மணி நேரம்கூட முன்பின் ஆகும். சனி போல மெல்ல நகரும் கிரகமென்றால் வித்தியாசம் மாதக்கணக்கில் போகும். திருக்கணிதப்படி கும்பத்துக்குச் சனி போனது 2023 ஜனவரி 17. திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி நடந்தது அதே வருடம் டிசம்பர் 20. நம் பக்கத்துக் கோயில்கள் பெரும்பாலும் வாக்கியத்தை அனுசரிப்பவை. உங்கள் மைத்துனர் அன்றைக்கு நளதீர்த்தத்தில் முழுக்குப் போட்டிருந்தால் கேட்டுப் பாருங்கள், எந்தக் கணக்கில் போட்டார் என்று!

ஆனால் எது சரி என்று வாதாடி ஜெயிக்க வேண்டாம். இப்படிப் பாருங்கள். அவர் சொல்கிறபடி 8.05க்கு ரோகிணி முடிந்தால் அடுத்து வருவது மிருகசீரிடம். அதுவும் கிரகப்பிரவேசத்துக்குச் சொல்லப்பட்ட நட்சத்திரம்தான். அதன் முதல் இரண்டு பாதங்கள் ரிஷப ராசியிலேயே இருப்பதால் சந்திரனும் ராசி மாறவில்லை. அதாவது சந்திராஷ்டமம் துலா ராசிக்காரர்களுக்கு மட்டும்தான், இரண்டு கணக்கிலும். உங்கள் இருவரில் ஒருவர் துலாமாக இருந்தால் அப்போது வாத்தியாரிடம் பேசுங்கள். திதி ஏகாதசி, அதிலும் தோஷமில்லை. தை நடுவில் 7.30 வாக்கில் தொடங்கி ஒன்பது மணி தாண்டும்வரை கும்ப லக்னம், ஸ்திர லக்னம். வீடு புகுவதற்கு அதைத்தான் தேடுவார்கள். வியாழன் எமகண்டம் 7.30க்கு முடிகிறது, ராகு காலம் மதியம் 1.30க்குத்தான். எந்தக் கணக்கில் பார்த்தாலும் நாள் நிற்கிறது. இதுவே அடுத்து வருவது திருவாதிரையாகவோ, திதி அஷ்டமிக்கு மாறுவதாகவோ இருந்தால், நானே மாற்றச் சொல்லியிருப்பேன்.

ஒன்று மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பழைய பஞ்சாங்கத்தில் முடிவு நேரம் நாழிகையில் இருக்கும், அது சூரிய உதயத்திலிருந்து எண்ணுவது. ஒரு நாழிகை 24 நிமிடம். தையில் நம் ஊரில் உதயம் 6.35 வாக்கில். பலரும் ஆறு மணியிலிருந்து கூட்டி அரை மணிக்கு மேல் கோட்டை விடுகிறார்கள். செல்போனிலும் ஊர் பெங்களூர் என்று கிடந்தால் பாபநாசம் என்று மாற்றச் சொல்லுங்கள்.

மாமாவின் விஷயம் வேறு. தை 12 வாஸ்து நாள்தான், ஆனால் அது மனை கோலுவதற்கு, அஸ்திவாரம் போடுவதற்கு. வாஸ்து புருஷன் விழித்திருக்கும் ஒன்றரை மணி நேரத்தில் பல் துலக்கி, குளித்து, பூஜை முடித்து, சாப்பிட்டு, தாம்பூலம் போடுகிறார் என்பார்கள். கடைசி இரண்டு பங்கு, 36 நிமிடம், நல்லது. கட்டி முடித்த வீட்டுக்குள் போவதற்கு அந்த நாள் கட்டாயமில்லை. இதை நீங்கள் சொன்னால் மாமா கேட்கமாட்டார். வாத்தியாரை அழைத்துக்கொண்டு வெற்றிலை பாக்கோடு மாமா வீட்டுக்கே போங்கள். முதல் நாள் சாயங்காலம் வாஸ்து சாந்தி உண்டு, அதில் மாமா முன்னால் உட்காரவேண்டும், தாய்மாமன் சீர் வராமல் வாசற்படி தாண்டமாட்டோம் என்று வாத்தியார் வாயால் வரட்டும். அவருக்குக் கோபம் தேதி மேல் இல்லை, கேட்காமல் குறித்ததில் என்றுதான் எனக்குப் படுகிறது. எங்கள் வீட்டில் மூன்று ஜோசியரைக் கேட்டு தேதியை இரண்டு முறை மாற்றினோம். என் அத்தை மட்டும் முதல் தேதிக்கே பாத்திரத்தோடு வந்து இறங்கினார்.

ஹோமத்தை ஐந்து மணிக்கே ஆரம்பித்துவிட்டால், 7.45க்குப் பசுவும் கன்றும் முன்னால் போக, நீங்கள் நிறைகுடத்தோடு உள்ளே நுழைந்துவிடலாம். எட்டு மணிக்குள் பால் பொங்கிவிடும். அப்போது மைத்துனரின் செல்போனிலும் ரோகிணிதான் ஓடிக்கொண்டிருக்கும்.