மூன்று ஆண்டுத் திட்டத்தில் நான்காம் ஆண்டு

வணக்கம் ஐயா. கணக்கியல் பரீட்சைக்குப் படிக்கிறேன். இயந்திரத்தின் விலை 2,220,000 ரூபாய். மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 1,000,000 காசு வரவு. மூலதனக் கொடுப்பனவு ஆண்டுக்கு 740,000. வரி 30 சதவீதம், கழிவு வீதம் 12 சதவீதம். எனக்குத் தேறிய இற்றைப் பெறுமதி மறை 5,356 வந்தது. விடையில் நேர் 14,690 என்றிருக்கிறது. அதில் நான்காம் ஆண்டுக்கும் ஒரு நிரல் உண்டு. அது எங்கிருந்து வந்தது?
– வெள்ளவத்தையிலிருந்து ஒரு மாணவன்

அன்புள்ள தம்பி,

வினாவின் கடைசி வரியைத் திரும்பப் பாருங்கள். வரி அடுத்த ஆண்டில் செலுத்தப்படும் என்று நிச்சயம் எழுதியிருப்பார்கள். நீங்கள் கணக்கிட்ட வரி சரி: கொடுப்பனவு போக மிஞ்சும் 260,000 ரூபாய்க்கு 78,000. அதை எழுதிய இடம்தான் தவறு.

முதலாம் ஆண்டில் வரியே கிடையாது. 1,000,000 முழுதாகக் கையில் நிற்கும். இரண்டாம் ஆண்டில் போன ஆண்டின் வரி கழிந்து 922,000. மூன்றாம் ஆண்டிலும் அப்படியே. அத்தோடு இயந்திரம் ஓய்ந்துவிடும், ஆனால் மூன்றாம் ஆண்டு இலாபத்தின் வரி இன்னும் பாக்கி. அந்த 78,000 மட்டும் தனியாக நான்காம் நிரலில் இறங்குகிறது, 0.636 ஆல் பெருக்கினால் 49,608 ரூபாய் வெளியேற்றம். அதை மறந்துவிட்டால் விடை 64,298 என்று பூரித்து நிற்கும். திருத்துபவர்கள் அதிகம் காணும் பிழை அதுதான்.

கட்டும் வரி இரண்டு முறையிலும் 234,000 ரூபாய்தான். ஒவ்வொரு தவணையும் ஓராண்டு பிந்துவதால் இற்றைப் பெறுமதியில் சுமார் 20,000 மிச்சமாகிறது. உங்கள் மறைக்குறி நேராக மாறியது அதனால்தான்.

பிந்துவது எப்போதும் இலாபம் என்று எண்ணிவிடாதீர்கள். கொடுப்பனவால் கிடைக்கும் வரிச் சேமிப்பும் ஓராண்டு பிந்தியே வருகிறது. முதலாம் ஆண்டிலேயே பெருங்கொடுப்பனவு கோரி, அதை நிறுவனத்தின் வேறு இலாபத்துடன் ஈடுசெய்யும் திட்டத்தில் இந்தப் பிந்தல் பாதகமாகவும் முடியலாம்.

கொட்டாஞ்சேனையில் அச்சகம் வைத்திருந்த என் மாமா வரிக்கென ஒதுக்கிய பணத்தில் தாள் வாங்கி அடுக்கிவிட்டார். வரி கட்டும் நாள் வந்தபோது களஞ்சியத்தில் தாள் இருந்தது, வங்கியில் பணம் இல்லை. அவருக்கு ஓராண்டு அவகாசம்கூடக் கிடைக்கவில்லை. நம் நாட்டில் மதிப்பாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஆகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15 ஆம் திகதிகளில் தவணை கட்ட வேண்டும், மீதியைச் செப்டெம்பர் 30 க்குள். ஆகவே முழு ஓராண்டுப் பிந்தல் பரீட்சைத் தாளின் எடுகோள். உண்மைக் கணக்கு உங்கள் விடைக்கும் அவர்கள் விடைக்கும் நடுவில் எங்கோ விழும்.

பரீட்சையில் ‘ஏற்கலாம்’ என்றே எழுதுங்கள். என் காசென்றால், 14,690 ரூபாயை நம்பி அந்த இயந்திரத்தை வாங்கமாட்டேன்.