ஆடிட்டர் அலுவலகத்துக்குத் திரும்பலாமா?

"எனக்கு 43 வயது. பி.காம் படித்தேன். மார்த்தாண்டத்தில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் ஐந்து ஆண்டுகள் டாலியில் கணக்கு எழுதினேன். 2014இல் மாமியார் பக்கவாதத்தில் விழுந்தபோது வேலையை விட்டேன். சென்ற ஆண்டு அவர் காலமாகிவிட்டார். மாமனார் இருக்கிறார், மாதம் ஒருமுறை மருத்துவமனைக்குக் கூட்டிச்செல்ல வேண்டும். நான் வாட் காலத்து ஆள், ஜிஎஸ்டி ஒன்றும் தெரியாது. 'நோயாளியைப் பார்த்துப் பழகியவள், ஹோம் நர்ஸாகப் போ' என்கிறார்கள் உறவினர்கள். இன்னொரு கட்டிலருகே நிற்க மனம் வரவில்லை. கணக்கு வேலைக்குத் திரும்ப முடியுமா? என்ன படிக்க வேண்டும்?" – வாசகி, குழித்துறை

அன்புச் சகோதரிக்கு,

மனம் வரவில்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். ஹோம் நர்ஸ் பேச்சை அதோடு விட்டுவிடுங்கள். கணக்கு வேலைக்கு நீங்கள் திரும்ப முடியும். ஆனால் பழைய நாற்காலிக்குத் திரும்புவதாக நினைத்துக்கொண்டு போகாதீர்கள். நீங்கள் குறி வைக்க வேண்டியது ஆடிட்டர் அலுவலகங்களில் ஜிஎஸ்டி ரிட்டர்ன் தயாரிக்கும் வேலை.

ஜிஎஸ்டி வந்தது 2017 ஜூலை 1 அன்று. வேலையை விடாமல் இருந்தவர்களும் அன்றுதான் அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார்கள். பற்று, வரவு, வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பது எதுவும் மாறவில்லை. அவை உங்களிடம் இருக்கின்றன. கற்க வேண்டியது வரிப் பகுதி மட்டும்தான்.

அந்தப் பகுதியில் நம் மாவட்டத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. களியக்காவிளையைத் தாண்டினால் கேரள மாநிலம். மார்த்தாண்டத்து ஹார்டுவேர் கடை ஒன்று, பாறசாலையில் உள்ள கடைக்குத் தன் வண்டியிலேயே ஒரு லட்சம் ரூபாய்ச் சரக்கை அனுப்புகிறது என்று வையுங்கள். வரி 18 சதவீதம். வாங்குபவர் தக்கலையில் இருந்தால் மத்திய வரி 9,000, மாநில வரி 9,000 என்று பில் போட வேண்டும். பாறசாலை என்பதால், மாநிலம் தாண்டும் விற்பனைக்கான ஐஜிஎஸ்டி என்ற ஒரே தலைப்பில் 18,000 போட வேண்டும். மொத்தத் தொகை ஒன்றுதான் என்பதால் தவறு கண்ணில் படாது. டாலியில் வாடிக்கையாளர் பெயரைப் பதியும்போது மாநிலம் என்ற இடத்தில் தமிழ்நாடு என்று இருந்துவிட்டால், பில்லில் வரி தவறாகப் பிரிந்துவிடும். அடுத்த மாதம் பாறசாலைக் கடைக்காரர், வாங்கும்போது கொடுத்த வரியைத் தன் விற்பனை வரியில் கழித்துக்கொள்ள முடியாமல், "எனக்கு வரி வரவு கிடைக்கவில்லை" என்று போனில் சத்தம் போடுவார். ரிட்டர்ன் போடுவதற்கு முன்பு கண்டுபிடித்தால் திருத்துவது எளிது. பிறகு என்றால் ஐஜிஎஸ்டியைத் தனியாகக் கட்டிவிட்டு, முன்பு கட்டியதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். கடைக்காரரின் பணம் அதுவரை முடங்கிக் கிடக்கும்.

பார்க்க வேண்டியது இரண்டே இலக்கங்கள். வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி பதிவு எண் 33 என்று தொடங்கினால் தமிழ்நாடு, 32 என்றால் கேரளா. மாநிலம் தாண்டும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைக் கடந்தால், வண்டியோடு போக வேண்டிய இ-வே பில்லும் வேண்டும். எல்லைப் பகுதியில் வாழும் உங்களுக்கு மலையாளப் பேச்சு புரியும் என்று நினைக்கிறேன். நேர்முகத்தில் அதை மறக்காமல் சொல்லுங்கள்; அந்தப் பாறசாலைக் கடைக்காரரிடம் பேச வேண்டியவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

புதிதாகச் சேர்பவரிடம் முதலில் தரும் வேலை கொள்முதலைச் சரிபார்ப்பது. கடைக்காரருக்குச் சரக்கு விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களின் பட்டியல், 2B என்ற பெயரில் ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் வரும். அந்தப் பட்டியலில் இருக்கும் வரியைத்தான் கடைக்காரர் கழித்துக்கொள்ள முடியும். உங்கள் கணக்கில் கொள்முதல் வரி 42,600 என்றும் பட்டியலில் 39,900 என்றும் இருந்தால் வித்தியாசம் 2,700. அந்தக் கடையின் கொள்முதல் எல்லாம் 18 சதவீதம் என்றால், 15,000 ரூபாய் பில் ஒன்றுக்கான வரி அது. அந்தத் தொகையில் உள்ள பில்லைத் தேடுங்கள். கிடைத்தால் விற்றவரை அழைத்து, தாக்கல் செய்தாரா என்று கேளுங்கள். விட்டிருந்தால் அடுத்த மாதம் சேர்க்கச் சொல்லிவிட்டு, அந்த 2,700ஐ இந்த மாதம் கழிக்காமல் வையுங்கள். அவசரப்பட்டுக் கழித்துவிட்டால் பின்னால் நோட்டீஸ் வரும், வட்டியோடு கட்ட நேரும்.

இதைப் படிக்கப் பெரிய பணம் தேவையில்லை. டாலி பிரைம் மென்பொருளைப் பணம் கட்டாமல் பயிற்சி முறையில் இறக்கிக்கொள்ளலாம். அதில் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே பதிய முடியும், பழகுவதற்கு அது போதும். தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் ஒரு மாதத்துக் கொள்முதல், விற்பனை பில்களின் நகலை வாங்கி முழுவதும் பதிந்து, அவருடைய ஆடிட்டர் போட்ட ரிட்டர்னோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கே இடறுகிறீர்கள் என்று அப்போது தெரிந்துவிடும். அதன் பிறகும் வகுப்புக்குப் போக விரும்பினால், பணம் கட்டும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: ஒரு கடையின் ஒரு மாத பில்களை எடுத்து, வரி கட்டும் 3B ரிட்டர்ன் வரை நானே செய்து முடிப்பேனா? பதில் சுற்றி வளைத்து வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அவர்கள் தரும் குறிப்பில் சிமெண்டுக்கு 28 சதவீதம் என்று இருந்தாலும் அது பழசு. 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்ட் 18 சதவீதம்.

மாமனாரின் மருத்துவமனை நாளைப் பற்றி வேலை கேட்கும் அன்றே பேசிவிடுங்கள். மாத ரிட்டர்ன் போடுபவர்களுக்கு விற்பனைப் பட்டியலின் கடைசி நாள் 11, வரி கட்டும் 3B ரிட்டர்னின் கடைசி நாள் 20. அந்த இரண்டு தேதிக்கும் முந்தைய நாட்களில் விடுப்பு கேட்டால் எந்த ஆடிட்டரும் முகம் சுளிப்பார். 21க்குப் பிறகு மாதக் கடைசி வரை பொதுவாகச் சுமை குறைவு. டாக்டரிடம் அந்த வாரத்தில் நாள் கேட்டு வாங்கிவிட்டு, "மாதம் ஒரு நாள், 21க்குப் பிறகு" என்று சொல்லுங்கள். வேலையின் ஓட்டம் தெரிந்தவர் என்று அந்த ஒரு வரியிலேயே புரிந்துகொள்வார்கள். ஜூலையிலும் செப்டம்பரிலும் வருமான வரிக் கெடுக்கள் வருவதால் மாலையில் நேரமாகும். அந்த நாட்களில் மாமனாருடன் யார் இருப்பார் என்று வீட்டில் இப்போதே பேசுங்கள். நீங்கள் வேலையை விட்டது அந்த வீட்டுக்காகத்தானே, மற்றவர்களும் கொஞ்சம் நகர்ந்து கொடுக்கட்டும்.

முதல் சில மாதச் சம்பளம் உங்கள் வயதுக்கு உரியதாக இருக்காது. ஆறு மாதம் கழித்து எத்தனை கடைகளின் கணக்கைத் தனியாகப் பார்த்தால் எவ்வளவு கூடும் என்று சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சரக்கு வராமல் பில் மட்டும் பதியச் சொல்லும் இடத்தில் ஒரு நாள்கூட இருக்காதீர்கள்.

உங்கள் பி.காமுக்கு இன்னொரு பயனும் உண்டு. வணிகவியல் பட்டதாரிகள் ஜிஎஸ்டி பிராக்டிஷனராகப் பதிவு செய்யலாம், அந்தப் பதிவு நிலைக்க நேசின் என்ற மத்திய அரசு நிறுவனம் நடத்தும் தேர்வில் வெற்றி பெற வேண்டும். வென்றால் கடைக்காரர்களுக்கு உங்கள் பெயரிலேயே ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கலாம், வீட்டிலிருந்தும் செய்யலாம். அதை இப்போது தொடாதீர்கள். ஓர் ஆண்டு முழுக்க ஆடிட்டர் அலுவலகத்தில் ரிட்டர்ன் போட்ட பிறகு விண்ணப்பியுங்கள். இந்த வாரம் செய்ய வேண்டியது, தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் போய் ஒரு மாத பில்களைக் கேட்பது.