ஒட்டி நகரும் மாறிகளும் எலாஸ்டிக் நெட்டும்

கேள்வி: சேர்ந்தே ஏறி இறங்கும் மரபணுக்களில் லாசோ ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கிறது. மாதிரியைக் கொஞ்சம் மாற்றினால் வேறொன்றை எடுக்கிறது. எலாஸ்டிக் நெட் இதை எப்படிச் சரிசெய்யும்?

இரண்டு மாறிகள் அச்சு அசலாக ஒன்றே என்று வைத்துக்கொள்ளுங்கள். கெழுக்களின் கூட்டுத்தொகை 2 வர வேண்டும். (2, 0), (1, 1) எதைக் கொடுத்தாலும் கணிப்பு மாறாது. லாசோ கெழுக்களின் தனிமதிப்புகளைக் கூட்டித் தண்டம் விதிப்பதால் இரண்டுக்கும் தண்டம் 2தான். மாறிகள் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும்போது, தரவிலுள்ள சின்ன இரைச்சலே எது தங்கும் என்று முடிவு செய்துவிடுகிறது.

ரிட்ஜ் என்ற இன்னொரு தண்டமுறை கெழுக்களின் வர்க்கங்களைக் கூட்டும்: (2, 0)-க்கு 4, (1, 1)-க்கு 2. ஆக, சமமாகப் பிரிப்பதுதான் மலிவு. ஜோவும் ஹேஸ்டியும் 2005-ல் இரண்டு தண்டங்களையும் சேர்த்து எலாஸ்டிக் நெட்டை உருவாக்கினார்கள். ரிட்ஜ் பகுதி கூட்டத்தைப் பிரியாமல் வைக்கிறது. லாசோ பகுதி பயனற்றவற்றைப் பூஜ்ஜியமாக்குகிறது.

மாறிகளை முதலில் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் இந்தச் சமப்பங்கீடு கெட்டுவிடும். ஒட்டுறவு மிதமாக இருந்தால் கெழுக்கள் சமமாகும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அப்புறம், பெயர்களில் கவனம். R-இன் `glmnet` தொகுப்பில் இரண்டு தண்டங்களின் கலவை விகிதம் `alpha`. பைத்தானின் `scikit-learn`-ல் அது `l1_ratio`. அங்கே `alpha` தண்டத்தின் மொத்த அளவு. மறுமாதிரிகள் எடுத்து ஓட்டிப் பாருங்கள்: தேர்வு இன்னும் தாவினால் `l1_ratio`-வைக் குறைத்து ரிட்ஜின் பங்கைக் கூட்டுங்கள்.