பரிந்துரை மின்னஞ்சலில் என்ன எழுதுவது?

வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசிங் மேலாளராக இருக்கிறேன். என்னிடம் வேலை பார்த்த பெண் ஒருவர் இப்போது வெளிநாட்டு பையர்களுக்காக ஆடை கொள்முதலைக் கவனிக்கும் ஒரு பையிங் ஆபீசுக்கு விண்ணப்பித்திருக்கிறார். ஆள் எடுப்பவர் அவரைப் பற்றி நாலு வரி எழுதி அனுப்பச் சொல்கிறார். 'நேர்மையானவர், கடின உழைப்பாளி, எல்லோரோடும் ஒத்துப்போவார்' என்று எழுதி வைத்திருக்கிறேன். போதுமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

போதாது. அந்த வரிகள் யாருக்கும் பொருந்தும். படிப்பவர், சொல்ல எதுவும் இல்லாமல் எழுதியிருக்கிறார் என்றுகூட நினைக்கலாம். நஷ்டம் அந்தப் பெண்ணுக்குத்தான்.

முதலில் வேலை விவரத்தை அவரிடமே கேட்டு வாங்குங்கள். பையிங் ஆபீஸ் என்றால் தரமும் தேதியும்தான் முக்கியம். அவற்றுக்குப் பொருந்தும் இரண்டு திறமைகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நீங்கள் நேரில் பார்த்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். இந்த மாதிரி:

"இவர் 2021 ஜூன் முதல் 2024 மே வரை என் நேரடிப் பொறுப்பில் மெர்ச்சண்டைசராக இருந்தார். துணியின் தரத்தில் கூர்மையான கண். ஒரு டி-ஷர்ட் ஆர்டரில் கழுத்து ரிப்பும் பாடித் துணியும் தனித்தனி லாட்டில் சாயமேறி, நிறம் ஒத்துப்போகாமல் வந்தன. கட்டிங்குக்கு முன்பே லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்து நிறுத்தினார். ரிப்பை மறுசாயத்துக்கு அனுப்பிவிட்டு, அதற்குள் மற்ற நிறங்களைக் கட்டிங்குக்கு விட்டார். சரக்கு சொன்ன தேதியில் கப்பலேறியது. தாமதத்தை மறைக்க மாட்டார். பட்டன் வரத் தாமதமாகும் என்று தெரிந்த அன்றே பையருக்கு எழுதி, மாற்றுப் பட்டனுக்கு ஒப்புதல் வாங்கினார். வாய்ப்பிருந்தால் மீண்டும் சேர்த்துக்கொள்வேன். மேலும் விவரம் வேண்டுமானால் மாலை 4 மணிக்கு மேல் அழைக்கலாம்."

'மீண்டும் சேர்த்துக்கொள்வேன்' என்ற வரிக்கு எடை அதிகம். மனமார எழுத முடிந்தால் மட்டும் எழுதுங்கள். முடியாவிட்டால், பரிந்துரைக்கு வேறு ஒருவரைக் கேட்டுக்கொள்ளும்படி அவரிடம் சொல்வதே நியாயம்.

சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் ரிலீவிங் லெட்டரோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு மாதம் மாறினாலும், சரிபார்ப்பவர்கள் சந்தேகப்படுவது உங்களை அல்ல, அவரை. பையரின் பெயரையோ விலையையோ எழுதாதீர்கள். அது உங்கள் நிறுவனத்தின் ரகசியம். கல்யாணம், குழந்தை, உடல்நிலை, சம்பளம் பற்றி நல்லெண்ணத்தில்கூட ஒரு வரி வேண்டாம்.

அலுவலக மெயிலிலிருந்து அனுப்பும் முன் உங்கள் ஹெச்.ஆரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சில நிறுவனங்களில் பதவியையும் தேதியையும் மட்டுமே உறுதிசெய்யலாம், அதுவும் ஹெச்.ஆர். மூலமாகத்தான் என்று விதி இருக்கும்.

குறை என்ன என்று தனியாகக் கேட்டால், 'குறையே இல்லை' என்று எழுதினால் நம்ப மாட்டார்கள். உண்மையான ஒன்றைச் சொல்லி, அதைச் சரிசெய்ய அவர் என்ன செய்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எந்தச் சம்பவங்களை எழுதினீர்கள் என்று அவருக்கும் தெரிவித்துவிடுங்கள். நேர்காணலில் அந்த ரிப் விவகாரத்தைத்தான் முதலில் கேட்பார்கள்.