தோள் எங்கே முடிகிறது?

வணக்கம். வரும் புதன்கிழமை மதுரையில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் எனக்கு நேர்முகத் தேர்வு. நான்கு படங்கள் இணைத்திருக்கிறேன். ஒன்று, வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட். இரண்டு, வெளிர்நீலச் சட்டை, நேவி ப்ளூ பேன்ட். மூன்று, மெரூன் சட்டை. நான்கு, இரண்டாவது உடையின் மேல் என் அண்ணனின் கோட். வீட்டில் எல்லோரும் கோட் என்கிறார்கள், நண்பர்கள் மெரூன் என்கிறார்கள். எந்த நிறம் நல்லது?

அன்புள்ள தம்பி,

மெரூனை எடுத்து வைத்துவிடுங்கள். அது பளபளக்கும் துணி, டியூப்லைட்டின் கீழ் ஒவ்வொரு சுருக்கமும் வெள்ளைக் கோடாகத் தெரியும். கல்யாண வரவேற்புக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மற்ற நிறங்களைப் பற்றி இந்தப் படங்களை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒன்று ஜன்னலோரம் எடுத்தது, இன்னொன்று மஞ்சள் பல்பின் கீழ். போன் கேமரா வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைத் தானே திருத்திக்கொள்கிறது. உங்கள் நேவி ப்ளூ பேன்ட் படத்தில் கறுப்பாகத்தான் இருக்கிறது. நிறம் பார்க்க வேண்டுமென்றால் பகல் வெளிச்சத்தில் ஒரே இடத்தில் நின்று, பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள் தெரியும்படி எடுங்கள். தாள் வெள்ளையாக இருந்தால்தான் துணியின் நிறத்தை நம்பலாம்.

ஆனால் நான் பதில் எழுத உட்கார்ந்தது நிறத்துக்காக அல்ல. நான்கு படங்களை அனுப்பியவர் ஒரு இடத்தில்கூடத் தோளைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. சில நாட்களாக எனக்கு இந்தத் தோள் யோசனைதான். ரெடிமேட் சட்டை வந்தபின் நாம் ‘சைஸ் 40’ என்று சொல்லப் பழகிவிட்டோம். ஃபார்மல் சட்டைகளில் அந்த எண் பெரும்பாலும் கழுத்துச் சுற்றளவு, சென்டிமீட்டரில். தோள் அகலத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஒரே 40-இல் ஒரு கம்பெனிச் சட்டை தோளில் உட்காரும், இன்னொன்று வழியும்.

கழுத்தோரத்தில் விரலை வைத்துத் தோளின்மேல் வெளிப்பக்கமாக நகர்த்துங்கள். எலும்பு முடிந்து விரல் சட்டென்று இறங்கும் இடம் ஒன்று வரும். கையைச் சட்டையோடு இணைக்கும் தையல் அங்கேதான் நிற்க வேண்டும். தாண்டிப்போனால் கையின் மேல்பகுதி குழிந்து, அங்கிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாக மடிப்புகள் விழும். உள்ளே தள்ளி நின்றால், கையை முன்னே நீட்டும்போது முதுகுத் துணி இழுக்கும்.

இதில் ஏன் இத்தனை பிடிவாதம் என்றால், சட்டையின் மற்ற குறைகளைத் தையற்கடையில் சுலபமாகச் சரிசெய்யலாம். இடுப்பு லூஸா, அக்குள் முதல் கீழ் வரை ஓடும் பக்கத் தையலை உள்ளே பிடித்து அடித்துவிடுவார்கள். கை நீளமா, கஃபைப் பிரித்து ஏற்றித் தைப்பார்கள். தோளைக் குறைக்க மட்டும் கையை முழுக்கக் கழற்றி, கைக்குழியைப் புதிதாக வெட்டி, அதற்கேற்பக் கைத்துணியின் மேல் வளைவையும் திருத்த வேண்டும். கோட்டில் உள்ளே பேட், லைனிங் எல்லாம் பிரிக்க வேண்டும். இரண்டு நாளில் யாரும் ஒழுங்காகச் செய்து தரமாட்டார்கள்.

இப்போது உங்கள் படங்கள். கண்ணாடி முன் வலக்கையில் போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறீர்கள், அதனால் வலது தோள் ஏறி நிற்கிறது. இடது தோளை வைத்துத்தான் சொல்கிறேன். வெள்ளைச் சட்டையில் தையல் எலும்பைத் தாண்டி முக்கால் அங்குலம் இறங்கியிருக்கிறது. அண்ணனின் கோட்டில் இன்னும் அதிகம். பேட் வெளியே நீட்டிக்கொண்டு, அதற்குக் கீழே கையில் பள்ளம் விழுந்திருக்கிறது. வீட்டில் எல்லோரும் கோட்டைப் பார்த்தார்கள், அதற்குள் நீங்கள் சுருங்கி நிற்பதை ஒருவரும் பார்க்கவில்லை. வங்கிக் கிளை வேலைக்கு முழுக்கைச் சட்டையை டக்-இன் செய்து போனாலே போதும்.

வெளிர்நீலத்தில் தையல் சரியான இடத்தில் இருக்கிறது. குறை இடுப்பில்தான். பெல்ட்டுக்கு மேல் துணி பலூன் மாதிரி நிற்கிறது. நாளைக் காலையிலேயே கொடுத்து, இரண்டு பக்கமும் சேர்த்துச் சுற்றளவில் இரண்டு அங்குலம் குறைக்கச் சொல்லுங்கள். அதற்குமேல் வேண்டாம், உட்காரும்போது பட்டன்களுக்கு நடுவே வாய் பிளக்கும். பேன்ட் அடிப்பக்கம் ஷூவின் மேல் மூன்று மடிப்பாகக் குவிந்திருக்கிறது. நீங்கள் போடப்போகும் அதே ஷூவோடு போய் அளவு கொடுங்கள், முன்பக்கம் ஷூவை லேசாகத் தொட்டால் போதும். வெளிர்நீலத்தில் வியர்வை கருந்திட்டாகத் தெரியும், அதனால் உள்ளே கை வைத்த பனியன் அவசியம்.

நான்கு படத்திலும் நின்றுகொண்டே இருக்கிறீர்கள். அவர்கள் உங்களை உட்காரவைத்துத்தானே கேள்வி கேட்கப்போகிறார்கள்? சட்டை திரும்பி வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அண்ணனை எட்டடி தள்ளி நின்று, போனை உங்கள் நெஞ்சு உயரத்தில் பிடித்து எடுக்கச் சொல்லுங்கள். அந்தப் படத்தைச் செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.