மாவு அரைப்பவரின் கூலி

அன்புள்ள ஐயா,

பி.காம். முடித்து, ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மகள் பிறந்ததும் விட்ட வேலை, 11 வருடம் ஆகிவிட்டது. இன்டர்வியூ என்றாலே கை நடுங்குகிறது. இட்லி மாவு அரைத்து விற்கலாமா? நல்ல பெயரும் லோகோவும் முதலில் வேண்டும் என்கிறாள் தோழி.

ச., திருப்பூர்

அன்புள்ள ச.,

பெயர், லோகோ எல்லாம் பிறகு. உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவை மட்டும் முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

என் அத்தை எங்கள் தெருவுக்கே மாவு அரைத்தவர். ஆனால் பிறந்த வீட்டுக்கு வர பஸ் காசை மாமாவிடம்தான் கேட்பார். வந்த பணமெல்லாம் மளிகையில் கரைந்தது. தன் கூலி என்று அவர் ஒரு ரூபாய்கூட எடுத்து வைத்ததில்லை. உங்கள் கடிதத்திலும் கூலி என்ற பேச்சே இல்லை. கணக்கு எழுதிய நீங்களுமா அம்மா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். இட்லி அரிசி 4 கிலோ, கிலோ 50 என்றால் 200 ரூபாய். உளுந்து ஒரு கிலோ 130. வெந்தயம், உப்பு, கவர், கரண்ட் எல்லாம் சேர்த்து 50. மொத்தம் 380. விலைகளை உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 12 கிலோ மாவு வரும். கிலோ 40 என்று விற்றால் 480, கையில் நிற்பது 100. வீட்டு கிரைண்டரில் நாலைந்து ஈடு போட்டு, கழுவி, கவரில் கட்டி முடிக்க 4 மணி நேரமாவது ஆகும். மணிக்கு 25 ரூபாய்! அதிலும் 2 கிலோ விற்காமல் புளித்தால் மிஞ்சுவது 20.

வீட்டில்தானே இருக்கிறேன், என் நேரத்துக்கு என்ன விலை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்த நினைப்புதான் உங்கள் கையை நடுங்க வைக்கிறது. மணிக்கு 60 ரூபாய் என்று உங்கள் கூலியை முதலில் செலவில் எழுதுங்கள். 4 மணி நேரத்துக்கு 240. அடக்கம் 620 ஆகிறது, கிலோவுக்கு 52 ரூபாய்க்குக் குறையாது. அந்த விலைக்கு உங்கள் தெருவில் ஆள் இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. இல்லையென்றால் பெரிய டில்டிங் கிரைண்டர் நேரத்தைக் குறைக்கும், ஆனால் தினமும் 30 கிலோவாவது போகும் என்று தெரிந்த பிறகே அதை வாங்குங்கள்.

புளிப்பைத் தடுக்க வழி இருக்கிறது. முந்தின மாலையே வாட்ஸ்அப்பில் ஆர்டர் கேட்டு, அந்த அளவுக்கு மட்டும் அரையுங்கள். கல் சூடேறினால் மாவு சீக்கிரம் புளிக்கும், உளுந்தும் பொங்காது. ஐஸ் தண்ணீர் தெளித்து அரையுங்கள். அரைத்த உடனே பிரிட்ஜில் வைத்து, பொங்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். கவர் உப்பியிருந்தால் அதை விற்காதீர்கள்.

கூலியை வாரம்தோறும் உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் போடுங்கள், வீட்டுக் கணக்கில் அல்ல. மூன்று மாதம் பார்த்தும் மணிக்கு 60 நிற்கவில்லையென்றால் மாவை விட்டுவிடுங்கள். நீங்கள் எழுதிய நோட்டை எடுத்துக்கொண்டு கணக்கு வேலைக்குப் போங்கள். அடக்கவிலை போடத் தெரிந்த ஆள் பனியன் கம்பெனிகளுக்கு இன்றும் தேவை.